ஜிபவரும் 0.5 என்ற அந்த ஒற்றை எண்ணும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

முதுநிலை மருத்துவ ஆய்வேடுகளுக்கு மாதிரி அளவு கணக்கிட்டுத் தரும் பணியில் பல ஆண்டுகளாக ஜிபவர் மென்பொருளின் 3.1 பதிப்பையே பயன்படுத்தி வருகிறேன். ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான இது இலவசமாகக் கிடைக்கிறது, விரைவாக இயங்குகிறது, பெரும்பாலான எளிய வடிவமைப்புகளுக்குப் போதுமானது. ஒரே நபரிடம் பலமுறை அளவெடுக்கும் ஆய்வுகளில் மட்டும், `Corr among rep measures` என்ற கட்டத்தில் அது தானாகவே இட்டு வைத்திருக்கும் 0.5 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த எண் ஒரே நபரின் அளவுகளுக்கு இடையிலான ஒட்டுறவைக் குறிக்கிறது. ஒட்டுறவு கூடினால் மாதிரி குறையும் என்று மாணவர்கள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. இரண்டு மருந்துக் குழுக்களுக்கு இடையே சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தில் 5 மி.மீ. வேறுபாட்டைக் கண்டறிய வேண்டும், திட்ட விலக்கம் 15, முதல்வகைப் பிழை இருபுறமும் சேர்த்து 5 சதவீதம், திறன் 80 சதவீதம் என்று கொள்வோம். ஒருமுறை மட்டும் அளந்தால் குழுவுக்கு 142 பேர் தேவை. நான்கு முறை அளந்து, ஒவ்வொருவரின் சராசரியை ஒப்பிட்டால் சூத்திரம் இவ்வாறு மாறும்:

```
n = 2(1.96+0.84)²σ²/δ² × (1+(m−1)ρ)/m
```

இங்கே σ திட்ட விலக்கம், δ கண்டறிய வேண்டிய வேறுபாடு, m அளவெடுக்கும் தடவைகள், ρ ஒட்டுறவு. ρ 0.3 என்றால் 68 பேர் போதும், 0.6 என்றால் 99 பேர் வேண்டும். ஒரே நபரின் நான்கு அளவுகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தால், அடுத்தடுத்த அளவு தரும் புதிய தகவல் குறைவு என்பதே காரணம். இதனால் அளவெடுக்கும் தடவைகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் பயன் விரைவில் தேய்ந்துவிடுகிறது: ρ 0.6 ஆக இருக்கும்போது நான்கு முறைக்குப் பதிலாகப் பத்து முறை அளந்தாலும் 99 பேர் 91 ஆகத்தான் குறைவார்கள்; எத்தனை முறை அளந்தாலும் 85-க்குக் கீழே இறங்காது.

கேள்வி ஒரே குழுவுக்குள் முதல் வருகைக்கும் பிந்தைய வருகைக்கும் இடையிலான மாற்றத்தைப் பற்றியது என்றால் திசை தலைகீழாகிறது. அங்கே பெருக்குக் காரணி (1−ρ) என்பதால், அதே எண்களுக்கு ρ 0.3 இல் 99 பேரும் 0.6 இல் 57 பேரும் தேவைப்படுவர். ஆகவே ஜிபவரில் `between factors`, `within factors`, `within-between interaction` ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஆய்வின் முதன்மைக் கேள்வியே தீர்மானிக்க வேண்டும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ρ-வைக் குறைத்து எழுதுவது மாற்றத்தை அளக்கும் ஆய்வில் மட்டுமே பாதுகாப்பு. குழுச் சராசரிகளை ஒப்பிடும் ஆய்வில் அதுவே ஆபத்து.

மென்பொருளின் உண்மையான வரம்பு, எல்லா வருகைகளுக்கும் ஒரே ஒட்டுறவைக் கேட்பதுதான். நடைமுறையில் இடைவெளி நீள நீள ஒட்டுறவு தளர்கிறது. அடுத்தடுத்த வருகைகளிடையே 0.7, ஒன்று விட்டு 0.6, முதலுக்கும் நான்காவதுக்கும் 0.4 என்றால், ஆறு ஜோடிகளின் சராசரி ஏறத்தாழ 0.62. குழுச் சராசரிகளை ஒப்பிட அந்த எண்ணே சரியானது. ஆனால் முதல் வருகையையும் கடைசி வருகையையும் ஒப்பிடுபவர் 0.4-ஐத்தான் இட வேண்டும். இட்டால், ρ 0.6-க்குக் கிடைத்த 57-க்குப் பதில் 85 பேர் தேவை என்று தெரியவரும்.

இன்னொரு பொறி `Options` பொத்தானுக்குள் இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வெளியிட்ட பகுதி ஈட்டா வர்க்கத்தில் ஒட்டுறவின் விளைவு ஏற்கெனவே அடங்கியுள்ளது. அதிலிருந்து விளைவளவைப் பெறுபவர் `as in SPSS` என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒட்டுறவு இரண்டு முறை கணக்கில் ஏறி, மாதிரி பொய்யாகச் சுருங்கிவிடும். இரு குழு, நான்கு அளவு, ρ 0.5 என்ற அமைப்பில் குழு–காலம் இடைவினையைச் சோதிக்கும்போது, சரியான தெரிவு ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆட்களைக் கேட்கும். மூன்று வருகை, இருபது பேர், திறன் 95 சதவீதம் என்று எழுதிய முன்வரைவைக் கண்டால் நான் முதலில் கேட்பது இந்தத் தெரிவைத்தான்.

ρ-வை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னோட்ட ஆய்வு மட்டுமே வழி அல்ல. வெளியான கட்டுரைகள் ஒட்டுறவை அரிதாகவே சொன்னாலும், முன், பின், மாற்றம் ஆகிய மூன்றின் திட்ட விலக்கங்களையும் தருவதுண்டு:

```
ρ = (s1² + s2² − sd²) / (2·s1·s2)
```

முன்னும் பின்னும் 15, மாற்றத்துக்கு 13.4 என்றால் ρ 0.60. இருபது முப்பது பேர் கொண்ட முன்னோட்டத்திலிருந்து வரும் ρ பெரிதும் ஊசலாடும் என்பதால், கிடைத்த மதிப்புக்குச் சற்று மேலும் கீழும் இட்டுப் பார்த்து, கூடுதல் ஆட்களைக் கேட்கும் எண்ணையே முன்வரைவில் எழுதுகிறேன். இடையில் விலகுவோருக்கான கூடுதலை அதன் பிறகுதான் சேர்க்க வேண்டும்.