34 கிலோ சரவிளக்கு: ஒட்டும் பசையா, விரியும் போல்ட்டா?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டு வரவேற்பறைக்கு மாமனார் கொடுத்த பித்தளைச் சரவிளக்கு, கண்ணாடித் தொங்கல்கள் உட்பட 34 கிலோ. அதைக் கொங்கிரீட் சிலாப்பில் தொங்கவிட என்ன வழி என்று கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். மின் வேலைக்கு வந்தவர் எபொக்சிப் பசையில் கம்பியை நடச் சொன்னார். புறக்கோட்டைக் கடைக்காரர் விரியும் அங்கர் போல்ட்டை எடுத்து வைத்தார். நான் போல்ட்டைத்தான் தேர்ந்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

மற்ற இரண்டு வழிகளை விரைவாகத் தள்ளிவிடலாம். பிளாஸ்டிக் ரோல் பிளக் சுவரில் படம் மாட்டுவதற்கானது. நேர் கீழே இழுக்கும் பாரத்தில் அது மெல்ல மெல்ல நழுவும். சிலாப்பை முழுக்கத் துளைத்து மேலே தகடு வைத்து நட் போடுவதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது. ஆனால் மேலே அயலவர் வீடு இருந்தால் அது முடியாது. மொட்டைமாடி என்றால் மழைநீர் இறங்கும் வழியை நாமே திறந்துவிட்டதாகிவிடும்.

மிஞ்சுவது எபொக்சியும் விரியும் போல்ட்டும். பலத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் போதும். நல்ல கொங்கிரீட்டில் 6 சென்டிமீற்றர் ஆழம் பிடித்த 10 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று 34 கிலோவைப் பல மடங்கு தாங்கும். எபொக்சியும் அப்படித்தான். ஆகவே எது அதிகம் தாங்கும் என்ற கேள்வி இங்கே உதவாது. பிழையாகப் பொருத்தியிருந்தால் அதை எப்போது அறிவோம் என்பதே என் முடிவைத் தீர்மானித்தது.

விரியும் போல்ட்டின் நுனி கூம்பாக இருக்கும். அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். நட்டை இறுக்கும்போது கூம்பு வளையத்துக்குள் இழுபட்டு, வளையம் விரிந்து துளையின் சுவரை நெரிக்கும். துளை பெரிதாகிவிட்டாலோ கொங்கிரீட் நொறுங்கியிருந்தாலோ நட் இறுகாது, போல்ட் சும்மா சுற்றும். எனக்கு முதல் துளையில் அதுதான் நடந்தது. ட்ரில் ஆடியதால் துளை அகன்றுவிட்டது. ஸ்பானரைத் திருப்பத் திருப்பப் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. அந்தத் துளையைச் சுருங்காத சாந்தால் அடைத்துவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதிதாகத் துளைத்தேன். விளக்கு ஏறுவதற்கு முன்பே பிழை கையில் தெரிந்தது.

எபொக்சியில் இந்த அறிகுறி கிடையாது. தலைக்கு மேலுள்ள துளையில் பசையை நிரப்பும்போது உள்ளே காற்று தங்கினாலும், தூசி போகாவிட்டாலும், வெளியே கம்பி நேராக, அழகாகத்தான் நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ஓயாத பாரத்தில் சிலவகைப் பசைகள் மிக மெதுவாக இழுபடுவது. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் சுரங்கப்பாதையில் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். எபொக்சியில் நட்ட போல்ட்டுகள் நாளடைவில் இழுபட்டு வந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. குறுகிய நேரச் சோதனையில் தேறும் பசை பல வருடப் பாரத்தில் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. நீண்டகாலப் பாரத்துக்கென்றே சான்று பெற்ற எபொக்சியும் உண்டு. சிலாப்பின் விளிம்புக்கு அருகில் துளைக்க நேர்ந்தால், பக்கவாட்டில் நெரிக்காத அதுவே மேல். அறையின் நடுவில் அந்தத் தேவை எனக்கு இருக்கவில்லை.

போல்ட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலாப்பின் அடிப்பக்கம், அதுவும் அறையின் நடுப்பகுதி, எப்போதும் இழுவிசையில் இருப்பது. மயிரிழை விரிசல்கள் அங்கேதான் விழும். எனவே விரிசல் விட்ட கொங்கிரீட்டுக்கும் ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்ட வகையையே கேளுங்கள். அதில் விரிசல் சற்று அகன்றாலும் கூம்பு மேலும் இறங்கி மறுபடி நெரிக்கும். கடற்கரை ஊர் என்பதால் நான் 316 தர துருப்பிடிக்காத எஃகு வாங்கினேன். விலை கூடத்தான்.

துளைக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பழைய விளக்கின் மூடியைக் கழற்றி, வயர் வரும் குழாய் சிலாப்புக்குள் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தேன். அடுத்தது பூச்சு. எங்கள் வீட்டில் அது ஒன்றரைச் சென்டிமீற்றர். பலர் பூச்சையும் சேர்த்து ஆழம் அளந்து, போல்ட்டை அரைகுறையாகவே கொங்கிரீட்டுக்குள் விடுகிறார்கள். நான் ஐந்து ரூபா நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் பூச்சைக் கொத்தி எடுத்தேன். வொஷர் பூச்சில் உட்கார்ந்தால், இறுக்கும்போது பூச்சு நொறுங்கிப் பிடி தளர்ந்துவிடும். அது கொங்கிரீட்டிலேயே உட்கார வேண்டும். பிறகு 8 சென்டிமீற்றர் ஆழம் துளைத்து, ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதினேன். பெட்டியில் போட்டிருந்த அளவுக்கு டோர்க் ஸ்பானரால் நட்டை இறுக்கினேன்.

கொழுக்கியில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வளைத்த கம்பிக் கொழுக்கி பாரத்தில் நிமிரும். வாய் திறந்த கொழுக்கியிலிருந்து, துடைக்கும்போது விளக்கைத் தூக்கினால் சங்கிலி கழன்றுவிடும். போல்ட்டின் மிச்சப் புரியில் முழு வளையமாகக் காய்ச்சி அடித்த கண் நட்டைப் போட்டு, அது சுழன்று கழலாதபடி முதல் நட்டோடு சேர்த்துப் பூட்டினேன். 10 மில்லிமீற்றர் புரிக்கான தரமான கண் நட், நேர் பாரத்தில் 230 கிலோ வரை தூக்கக் கணக்கிட்டது. அதில் திருகி மூடும் இணைப்பு வளையம், அதற்குக் கீழே சங்கிலி. பாரம் முழுவதும் சங்கிலியில். வயர் தளர்ந்து தொங்க வேண்டும். பித்தளை உடலுக்கு எர்த் வயர் கட்டாயம்.

விளக்குகளுக்கான சர்வதேசத் தர விதி, தொங்கும் அமைப்பு விளக்கின் எடையைப் போல் நான்கு மடங்கை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்கிறது. எனக்கு அது 136 கிலோ. மூன்று சீமெந்து மூடைகளை ஒரு பலகையில் கட்டி, பலகையைக் கார் ஜாக்கின் மேல் வைத்து, கண் நட்டிலிருந்து சங்கிலியைப் பூட்டினேன். ஜாக்கை மெதுவாக இறக்க, 150 கிலோவும் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நின்றது. கண் நட்டில் பூச்சு மட்டத்தை ஒட்டி முன்கூட்டியே பென்சில் கோடு போட்டிருந்தேன்.

“தம்பி, இவ்வளவு தேவையா?” என்று மின் வேலைக்காரர் கேட்டார்.

“அண்ணா, இதன் கீழேதான் பிள்ளைகள் இருந்து படிக்கிறார்கள்” என்றேன்.

அவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கோடு அசையவில்லை. மூடைகளை இறக்கியபின் நட்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு விளக்கை ஏற்றினோம்.

போட்டு இரண்டு வருடமாகிறது. உப்புக் காற்றில் இருபது வருடம் எப்படி இருக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது, மேல் மூடியை இறக்கி அந்தப் பென்சில் கோட்டைப் பார்க்கிறேன். கடந்த தையிலும் அது பூச்சு மட்டத்தை ஒட்டியே இருந்தது.