சுங்கை சிப்புட்டிலிருந்து பாட்டிக்கு ரயில் டிக்கெட்: கவுண்டரா, போனா, ஏஜென்டா?

கையில் ஸ்மார்ட்போன் இல்லாத 72 வயதுப் பாட்டி சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூரிலுள்ள மகள் வீட்டுக்கு இடிஎஸ் ரயிலில் போக வேண்டும். வழி மூன்று இருந்தாலும் முதலில் போக வேண்டியது ஸ்டேஷன் கவுண்டருக்குத்தான்.

பாட்டியின் மைகார்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி என்பதால், 60 வயது தாண்டியவர் என்பதை எண்ணே சொல்லிவிடும். "வர்கா எமாஸ்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முழுக்கட்டண டிக்கெட் வந்துவிடக்கூடும். கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கை வேண்டுமென்று கேட்கவும் கவுண்டரில்தான் வசதி. காசை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரொக்கம் வாங்காத கவுண்டர்கள் உண்டு. வங்கி டெபிட் கார்டும் அதன் 6 இலக்கப் பின் எண்ணும் தயாராக இருக்கட்டும். சிறிய ஸ்டேஷனில் கவுண்டர் நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

போன் உதவுவது இங்கேதான். கவுண்டர் எத்தனை மணிக்குத் திறக்கும், ரொக்கம் வாங்குவார்களா, அந்த நாளில் எந்த நேரத்து ரயில் உண்டு என்று கேட்டுக்கொள்ளலாம். டிக்கெட் போனிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். "கார்டு எண்ணைச் சொல்லுங்க பாட்டி, டேக் நம்பர் வந்தா படிங்க" என்று யாராவது கேட்டால் அது மோசடி, உடனே வைத்துவிடுங்கள். எண்ணைக் கொடுத்துப் பணம் போய்விட்டால் வங்கிக்கும் 997க்கும் தாமதிக்காமல் அழையுங்கள்.

தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்வர ஆளில்லை என்றால் ஏஜென்ட் கடை கைகொடுக்கும். ஆனால் சேவைக் கட்டணம் தனி. தவறும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. இறங்கும் இடப் பட்டியலில் "Kuala Lumpur", "KL Sentral" இரண்டும் இருக்கும். இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன்கள், இடிஎஸ் இரண்டிலும் நிற்கும். மகள் சென்ட்ரலில் காத்திருக்க, ஏஜென்ட் மற்றதை அழுத்திவிட்டால் பாட்டி ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே தனியாக இறங்கி நிற்பார். பெயரிலும் கவனம் வேண்டும். வீட்டில் லட்சுமி என்று அழைத்தாலும் மைகார்டில் "LETCHUMY" என்று இருந்தால் டிக்கெட்டிலும் அதே எழுத்துகள்தான் இருக்க வேண்டும்.

எனவே ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன் திரையிலேயே பெயர், மைகார்டு எண், தேதி, இறங்கும் ஸ்டேஷன், வர்கா எமாஸ் கட்டணம் ஆகியவற்றைப் பாருங்கள். தொடர்பு எண்ணாக ஏஜென்டின் எண்ணைப் போட விடாமல் மகளின் எண்ணைக் கொடுங்கள். ஏஜென்ட் தன் கணக்கில் எடுத்த டிக்கெட் என்றால், மாற்றவோ ரத்துசெய்யவோ திரும்ப அவரிடமேதான் போயாக வேண்டும். அதனால் கட்டண ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

டிக்கெட்டைத் தாளில் அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கியூஆர் கட்டத்தின் மேல் மடிப்பு விழுந்தால் கேட்டில் ஸ்கேன் ஆகாமல் போகலாம், ஆகவே கட்டத்தைத் தவிர்த்து மடித்து மைகார்டோடு சேர்த்துப் பாட்டியின் பையில் வையுங்கள். மகளிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

தீபாவளி வாரத்துக்கு மட்டும் இந்த வரிசை மாறும். விற்பனை தொடங்கியதும் இருக்கைகள் வேகமாகத் தீரும். கவுண்டர் திறக்கும்வரை காத்திருந்தால் கிடைக்காமலே போகலாம். அப்போது கட்டணம் கூடினாலும் ஏஜென்டிடம் போவதே சரி.