நம்பர் பிளேட் படிக்கிற மாதிரி கேட் கேமரா: இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சிசிடிவி போட்டிருக்கும் அபார்ட்மெண்ட் எதிலும் கேட்டுப் பாருங்கள், வண்டி தெரியும், ஓட்டியவரின் சட்டைக் கலர்கூடத் தெரியும், நம்பர் மட்டும் வெள்ளைத் தீற்றலாக இருக்கும். மெகாபிக்சல் கூட்டினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் எட்டு மெகாபிக்சலைக் காட்டுவார். எங்கள் கேட்டில் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருப்பது சாதாரண நான்கு மெகாபிக்சல் கேமராதான். நம்பர் வாசிக்கும் மென்பொருள் எதுவும் அதில் இல்லை, ஆள்தான் ரெக்கார்டிங்கைப் பார்த்து நம்பரைப் படிக்கிறோம். பகல், ராத்திரி இரண்டிலும் பெரும்பாலான வண்டிகளின் நம்பரைப் படிக்க முடிகிறது. காரணம் லென்ஸ், கோணம், ஷட்டர், அப்புறம் வெயிலும் நிழலும் கலந்த காட்சியைச் சமன் செய்யும் WDR வசதியை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்பது.

முதலில் எங்கள் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வீடு உள்ள அபார்ட்மெண்ட், கேட் கிழக்கு பார்த்தது. கேட்டுக்கு மேலே கான்கிரீட் கூரை இருப்பதால் வண்டி கேட்டில் நிற்கும்போது நிழலில் இருக்கும், பின்னால் தெருவில் வெயில் அடிக்கும். கேமரா உள்ளே போர்ட்டிகோ தூணில், எட்டடி உயரத்தில், கேட்டிலிருந்து சுமார் 11 மீட்டர் தள்ளி இருக்கிறது. வெளியே போகிற வண்டியின் பின்பக்க பிளேட்டைத்தான் அது பார்க்கிறது. இது யோசித்து எடுத்த முடிவு. பைக்கின் முன்பக்க பிளேட் வெறும் நாலரை சென்டிமீட்டர் உயரம், பலபேர் வண்டியில் அது மட்கார்டில் வளைந்து கிடக்கும். பின்பக்க பிளேட் 20க்கு 10 சென்டிமீட்டர், எழுத்தும் பெரிது. அதோடு ராத்திரியில் ஹெட்லைட் நம் லென்ஸைப் பார்த்து அடிக்காது. உள்ளே வருகிற வண்டி என்றாலும் என்றைக்காவது வெளியே போய்த்தானே ஆக வேண்டும்.

லென்ஸ் கணக்கு ரொம்ப எளிது. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 2.8 எம்எம் லென்ஸ் 11 மீட்டரில் ஏறக்குறைய 20 மீட்டர் அகலத்தைக் காட்டும். 2560 பிக்சலை அந்த அகலத்துக்குப் பங்கு போட்டால் பைக் பிளேட்டுக்கு இருபத்தைந்து பிக்சல்தான் தேறும், அதில் பத்து எழுத்தை எப்படிப் படிப்பது? 2.8 முதல் 12 வரை மாற்றக்கூடிய வேரிஃபோக்கல் வாங்கி 12-இல் வைத்தால் அகலம் ஐந்து மீட்டராகச் சுருங்கும், அதே பிளேட்டுக்கு நூறு பிக்சல் கிடைக்கும். கேட் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் போய்விடும். அதனால்தான் நம்பருக்கு ஒரு கேமரா, ஆளையும் வண்டியையும் பார்க்க இன்னொரு கேமரா என்று தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே கேமராவில் இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டும் கிடைக்காது.

இப்போது ஷட்டர். ஆட்டோவில் விட்டால் ராத்திரியில் கேமரா 1/25 விநாடிக்குப் போய்விடும், ஏனென்றால் அதற்கு வெளிச்சமான படம் வேண்டும். கேட்டில் மெதுவாக, மணிக்கு 10 கிலோமீட்டரில் போகிற வண்டிகூட அந்த நேரத்துக்குள் 11 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பைக் பிளேட்டில் எழுத்தின் கோட்டுத் தடிமன் 7 மில்லிமீட்டர்தான். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் படத்தின் குறுக்கே பிளேட் நகரும் தூரம் எழுத்தின் தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1/250 வைத்தால் அதே வண்டி 11 மில்லிமீட்டர் நகரும், இன்னும் அதிகம்தான். ஆனால் இங்கேதான் கோணம் கைகொடுக்கிறது.

வண்டி கேமராவை விட்டு நேராக விலகிப் போனால் பிளேட் கொஞ்சம் சிறுத்துப் போகுமே தவிர குறுக்கே இழுபடாது. குறுக்கே போகிற பங்குதான் எழுத்தைக் கெடுப்பது. எங்கள் தூண் வண்டிப் பாதையிலிருந்து மூன்று மீட்டர் ஒதுங்கியிருக்கிறது, அதாவது சுமார் 15 டிகிரி. அந்தக் கோணத்தில் 11 மில்லிமீட்டரில் கால் பங்கு, மூன்று மில்லிமீட்டர்தான் குறுக்கே தெரியும். அதனால் கேட்டுக்கு 1/250 போதும். இதையே தெருவில் 30 கிலோமீட்டரில் போகிற வண்டிக்கு வைத்தால் குறுக்கு நகர்வு 9 மில்லிமீட்டர் ஆகிவிடும், அங்கே 1/500 வேண்டும். பக்கவாட்டிலும் சரி, மேலிருந்து கீழாகவும் சரி, 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் தூணின் உச்சியில் மாட்டி நேர் கீழே பார்க்க வைக்கிறார்கள் பாருங்கள், அதில் பம்பரும் ஹெல்மெட்டும் நன்றாகத் தெரியும், நம்பர் நசுங்கிப் போயிருக்கும்.

ஷட்டரை வேகமாக்கியதும் ராத்திரிப் படம் கறுப்பாகிவிட்டது. அசோசியேஷன் தலைவர் மறுநாள் காலையிலேயே போன் பண்ணி, "சார், கேமரா அவுட் ஆயிடுச்சா? ஒண்ணுமே தெரியலையே" என்றார். வீட்டுக்கு வரச் சொல்லி முந்தைய ராத்திரி ரெக்கார்டிங்கை ஓட்டிக் காட்டினேன். திரை முழுக்க இருட்டு, நடுவில் ஒரு பிளேட் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று நகர்ந்து போனது, பக்கத்து வீட்டு ஆக்டிவாவின் நம்பரை அவரே வாசித்தார். பிளேட்டின் தாள் தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் வகை. கேமராவின் ஐஆர் வெளிச்சம், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அதில் பட்டு அப்படியே லென்ஸுக்குத் திரும்பி வருகிறது, சுவருக்கும் தரைக்கும் அந்தக் குணம் இல்லை. நம்பர் கேமராவின் ராத்திரிப் படம் இருட்டாக இருப்பதுதான் சரி. வண்டியின் கலரும் ஆளும் வேண்டுமென்றால் இன்னொரு கேமராவில் அதே நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே ரெக்கார்டரில் இருப்பதால் கடிகாரமும் பொருந்திவிடும்.

ஐஆர் அதிகமானால் எதிர்த் தொல்லை வரும். பிளேட் முழுக்க வெளுத்து, எழுத்து கரைந்து, 8-க்கும் B-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அப்போது ஷட்டரைத் தொடாமல் ஐஆர் பவரையோ, படத்தை மின்னணு முறையில் வெளிச்சமாக்கும் கெயினையோ இறக்குங்கள். எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி, ஐஆர் பக்கத்தில் இருந்தால் சிலந்தி வலை கட்டுகிறது, தனி ஐஆர் விளக்கைப் பத்தடி தள்ளி மாட்டிவிடலாம் என்றார். வலையைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான், மழைக்காலத்தில் அந்த வலை வெளிச்சத்தில் மின்னி பாதிப் படத்தை மறைத்துவிடும். ஆனால் விளக்கு தள்ளிப் போனால் பிளேட் ஒளியை விளக்குக்குத்தான் திருப்பி அனுப்பும், லென்ஸுக்கு அல்ல. கேமராவுக்குக் கீழே ஒரு அடிக்குள் மாட்டியிருக்கிறோம். பளபளப்பும் கெடவில்லை, லென்ஸ் முன்னால் வலையும் குறைந்தது.

WDR-ஐப் பற்றித்தான் நிறையக் குழப்பம். அது ஒரே காட்சியை நீளமான எக்ஸ்போஷர் ஒன்று, குட்டியான எக்ஸ்போஷர் ஒன்று என்று எடுத்து, இருட்டான இடத்தை முதலாவதிலிருந்தும் வெளிச்சமான இடத்தை இரண்டாவதிலிருந்தும் எடுத்துச் சேர்க்கிறது. நிற்கிற பொருளுக்கு அருமை. ஓடுகிற வண்டி இரண்டு எக்ஸ்போஷரிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், சேர்க்கும்போது எழுத்துக்குப் பக்கத்தில் ஆவி மாதிரி இன்னொரு எழுத்து நிற்கும். அதனால் ராத்திரியில் எங்கள் கேமராவில் WDR கிடையாது, கூசும் வெளிச்சத்தை அடக்கும் HLC மட்டும் கொஞ்சம் போட்டிருக்கிறேன்.

பகலில் கதை வேறு. காலை எட்டு, ஒன்பது மணிக்கு, எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சூரியன் தெருப்பக்கமிருந்து லென்ஸுக்குள் அடிக்கும். WDR இல்லாவிட்டால் கூரை நிழலில் இருக்கும் பிளேட் சாம்பல் கட்டியாகத்தான் தெரியும். அதனால் பகலுக்கு WDR போட்டு, அளவை 100-இல் 30 அளவுக்கு மட்டும் வைத்து, ஷட்டர் 1/250-ஐவிட மெதுவாகப் போகாதபடி வரம்பு கட்டினேன். கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருப்பது இதற்குப் பெரிய உதவி. இன்னும் தீராத ஒன்று, பிளேட்டின் பாதியில் வெயிலும் பாதியில் நிழலும் விழும் சில நிமிடங்கள். அந்தக் கோட்டின் மேல் உட்காரும் எழுத்து மட்டும் இரட்டையாகத் தெரிகிறது. அடுத்த ஃபிரேம்களில் வண்டி நகர்ந்ததும் அது தெளிந்துவிடும், அதனால் விநாடிக்கு 25 ஃபிரேமிலேயே வைத்திருக்கிறேன். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி செட்டிங் வைத்துத் தானாக மாறும் வசதி கேமராவில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இல்லாவிட்டால் இதெல்லாம் வீண்.

நம்பர் படிக்க முடியவில்லை என்றால் உடனே எல்லா செட்டிங்கையும் மாற்றாதீர்கள், ஒரு ஃபிரேமை நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர். பக்கத்தில் தனி நிழல் எழுத்து இருந்தால் WDR. பிளேட்டுக்குப் பின்னால் மெழுகு வழிந்த மாதிரி வால் இருந்தால் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் 3D DNR அதிகம், அதைக் கால்வாசிக்கு இறக்குங்கள். கட்டம் கட்டமாக இருந்தால் விநாடிக்குப் பதிவாகும் டேட்டா அளவான பிட்ரேட் போதவில்லை, ரெக்கார்டிங் இடத்தை மிச்சம்பிடிக்கும் ஸ்மார்ட் கோடெக்கை அணைக்க வேண்டும். நகராத கேட் கம்பியும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ். ஃபோகஸை ராத்திரியில், ஐஆர் எரியும்போது வையுங்கள், ஏனென்றால் ஐஆர் ஒளி குவியும் இடம் சற்று வேறு, பகலில் கச்சிதமாக வைத்தது ராத்திரியில் நழுவிவிடும். ராத்திரியில் வைத்துவிட்டுக் காலையில் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐப்பசி மழைக் காற்றில் கேமராத் தலை சற்றே திரும்பிவிட்டது, சாதாரண கேமராவில் கவனிக்கவே மாட்டோம், ஐந்து மீட்டர் அகலத்தில் கேட் ஓரமே வெட்டுப்பட்டுப் போனது. இப்போது நட்டில் பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன், நகர்ந்தால் கீழிருந்தே தெரியும். கண்ணாடியை வாட்ச்மேன் அண்ணன் மாதம் ஒருமுறை துடைக்கிறார்.

படிக்க முடியாத வண்டிகளும் இருக்கின்றன. ஏப்ரல் 2019-க்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு பிளேட் இருப்பதால் ராத்திரியில் பிரச்சினை இல்லை. அதற்கு முந்தைய வண்டிகளில் பெயின்ட் அடித்த பிளேட் என்றால் ஐஆர் திரும்பி வராது, பின்னால் நம்பர் விளக்கு எரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தற்காலிகப் பதிவு வண்டியின் மஞ்சள் பிளேட்டில் சிவப்பு எழுத்து ஐஆர் வெளிச்சத்தில் ஏறக்குறைய மறைந்தே போகும், அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. அந்த மாதிரி வண்டிக்காகக் கேட் கூரையின் அடியில் ஒரு வெள்ளை எல்இடி போட்டு ராத்திரியிலும் கலரிலேயே ஓட்டலாமா என்று அசோசியேஷனில் பேச்சு நடக்கிறது. வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று முதல் மாடி வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.