முழு வசனமா, பாதி வசனமா? குடிநோய் ஓ.பி.க்கான இரண்டு பயிற்சி ஸ்கிரிப்ட்கள்

ஓ.பி.யில் குடிநோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும், மாறுவதற்கான காரணத்தை நோயாளியின் வாயாலேயே வரவழைக்கும் பேச்சுமுறையான மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் பழக்க இரண்டு விதமாக ஸ்கிரிப்ட் எழுதலாம். ஒன்றில் இரு தரப்பு வசனமும் முழுசாக இருக்கும், படித்து நடித்தால் போதும். மற்றதில் நோயாளியின் பேச்சு மட்டும் இருக்கும், டாக்டரின் பதிலைப் பயிற்சி எடுப்பவரே சொல்ல வேண்டும்.

பயிற்சிக்காகக் கற்பனையாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். வயது 42, ஆட்டோ ஓட்டுகிறார், தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். 10 கிராமை ஓர் அளவாகக் கொண்டால் ஆறு அளவு. மனைவி சொல்லித்தான் வந்திருக்கிறார். உட்கார்ந்ததும் சொல்கிறார்: “நாள் பூரா வண்டி ஓட்டினா உடம்பெல்லாம் வலி சார். ஒரு குவார்ட்டர் போட்டாதான் தூக்கமே வருது. என்ன, பொண்ணுதான் கிட்ட வர மாட்டேங்குது.”

முழு வசன ஸ்கிரிப்டில் டாக்டரின் அடுத்த வரி ஏற்கெனவே அச்சாகியிருக்கும்: “குடியால உங்களுக்கு என்னென்ன பிரச்சினை வந்திருக்கு?” தப்பான கேள்வி இல்லை. ஆனால் அவர் மகளைப் பற்றி இப்போதுதான் ஒன்றைச் சொன்னார். மாற்றத்தின் பக்கம் சாய்கிற அந்த வார்த்தை கேட்பாரில்லாமல் போகிறது. வசனத்தை மனப்பாடம் செய்தவர் காதில் அது விழவே விழாது, மனசு அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

பாதி வசன ஸ்கிரிப்டில் அந்த இடம் வெற்றுக்கோடு. முதல் சுற்றில் பெரும்பாலும் வரக்கூடிய பதில் அறிவுரைதான்: “குடிச்சிட்டு வந்தா குழந்தை எப்படிங்க கிட்ட வரும்? முதல்ல அதை நிறுத்துங்க.” நோயாளியாக நடிப்பவரின் கையில் இதற்கும் ஒரு வரி உண்டு: “நான் என்ன சார், குடிச்சிட்டு சண்டையா போடறேன்? சம்பாதிச்சுக் கொடுக்கறேன்ல?” தன் குடிக்கு அவரே வக்கீலாக ஆகிவிடுகிறார். மாறாக, பயிற்சி எடுப்பவர் “பொண்ணு விலகிப் போறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு” என்று கேள்விக்குறி இல்லாமல், குரலை இறக்கிச் சொன்னால் வேறு வரி வரும்: “ஆமா சார். வாடை அடிக்குதுன்னு சொல்லிடுச்சு.” ஒரே இடத்தில் இரண்டு பாதையையும் நடந்து பார்ப்பதுதான் இந்த ஸ்கிரிப்டின் பலம்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இந்தப் பக்கமே சாய்கின்றன. ஹெட்டெமா, ஸ்டீல், மில்லர் 2005இல் செய்த தொகுப்பாய்வில், கையேட்டைப் பின்பற்றிய ஆய்வுகளைவிடப் பின்பற்றாதவற்றில் பலன் அதிகமாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மில்லர் குழு 140 சிகிச்சையாளர்களை வைத்து நடத்திய சோதனையில், பயிலரங்கு மட்டும் முடித்தவர்களிடம் திறன் மாதங்களில் மங்கியது. பேட்டிப் பதிவைக் கேட்டுச் சொன்ன கருத்தோ தொடர்ந்த வழிகாட்டலோ கிடைத்தவர்களிடம் அது நிலைத்தது. ஸ்கிரிப்ட் எதுவானாலும், யாராவது பதிவைக் கேட்க வேண்டும். 20 நிமிடப் பதிவில் எத்தனை கேள்வி, நோயாளி சொன்னதன் பொருளை அவருக்கே திருப்பிச் சொல்லும் பிரதிபலிப்பு எத்தனை என்று எண்ணினாலே நிறைய தெரியும். ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது வரவேண்டும், இரண்டு வந்தால் நல்ல தேர்ச்சி.

அதற்காக முழு வசனத்தைத் தூக்கி எறிய மாட்டேன். சில கேள்விகளில் ஒரு வார்த்தை பிசகினாலும் காரியம் கெடும். “குடியைக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0லேர்ந்து 10க்குள்ள சொல்லுங்க” என்று கேட்கிறோம். அவர் 4 என்கிறார். “ஏன் 4? 1ன்னு ஏன் சொல்லலை?” என்று கேட்டால் மாற்றத்துக்கான காரணங்களை அவர் வாயாலேயே சொல்வார். “ஏன் 8 இல்லை?” என்றால் குடிப்பதற்கான காரணங்கள் வரிசையாக வரும். புதியவர்கள் இங்கே தடுமாறுவது சகஜம், அதனால் இதை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்வதே மேல்.

அதைவிடக் கண்டிப்பாக அச்சில் இருக்க வேண்டியவை உடல் பாதுகாப்புக் கேள்விகள். “கடைசியா எப்போ குடிச்சீங்க? காலையில கை நடுங்குதா? முன்னே நிறுத்தினப்போ வலிப்பு வந்துதா, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?” வலிப்பு நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வரலாம், பிதற்றல் நிலை இரண்டு முதல் நான்கு நாளில். “நாளையிலேர்ந்து தொடவே மாட்டேன் சார்” என்று அவர் உற்சாகமாகச் சொல்வதைக் கேட்டுப் பூரித்து, இதைக் கேட்காமல் அனுப்பிவிட்டால் ஆபத்து. மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படுகிறவரைப் பேச்சால் மட்டும் காப்பாற்ற முடியாது.

பாதி வசன ஸ்கிரிப்டுக்கும் செலவு உண்டு. நோயாளியாக நடிக்க அனுபவசாலி வேண்டும், பயிற்சி தருகிற ஒருவரால் நாலைந்து பேருக்கு மேல் சமாளிக்க முடியாது. நாற்பது பேருக்கு ஒரே நாளில் பயிற்சி என்றால் முழு வசனத்தைக் காட்டுவதுதான் நடக்கும். அப்படிச் செய்தால், டாக்டரின் வரியைப் படிக்கும் முன் தாளை மூடச் சொல்லி, “நீங்க என்ன சொல்வீங்க?” என்று ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கலாம். எழுதியதை அச்சிட்ட வரியோடு ஒப்பிடும்போது, கேள்விக்குறி எத்தனை, “நிறுத்துங்க” எத்தனை என்று அவரவரே எண்ணிப் பார்த்துவிடலாம்.