பயிற்சி வருகைப் பதிவு: காகிதத் தாளா, க்யூஆர் ஃபார்மா, விரல்ரேகை மெஷினா?

மாத்திரை தயாரிக்கும் ஃபேக்டரியில் தரத்தை உறுதி செய்யும் க்யூஏ வேலை எனக்கு. ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் எஸ்ஓபி ஒன்று திருத்தப்பட்டால் அதைத் தொடுகிற எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தாக வேண்டும், கொடுத்ததற்குக் கையெழுத்தோடு ஆதாரமும் இருக்க வேண்டும். காகிதத் தாளில் ஆரம்பித்து, க்யூஆர் ஃபார்ம், விரல்ரேகை மெஷின் இரண்டையும் சுற்றிவிட்டு, மறுபடி காகிதத்துக்கே வந்து நிற்கிறோம். ஆனால் பழைய தாள் இல்லை இது.

காகிதம் மலிவு, ஃபார்ம் வேகம், விரல்ரேகையில் ஒருவருக்காக இன்னொருவர் வைக்க முடியாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு விஷயம்: லேட்டாக வந்தவரை எப்படிப் பதிவு செய்கிறோம் என்பது.

ஒரு ஆடிட்டில் நடந்தது. ஆடிட்டர் பயிற்சி ஃபைலையும் அதே தேதியில் நடந்த உற்பத்தியைப் படிப்படியாகப் பதிந்த பேட்ச் ரெக்கார்டையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்துக்கொண்டார். பயிற்சித் தாளில் நேரம் 2.00 முதல் 3.30 வரை, பதினான்காவது வரியில் கிரானுலேஷன் ஆபரேட்டர் ஒருவரின் கையெழுத்து. பேட்ச் ரெக்கார்டில் 2.25க்குச் சல்லடை சரிபார்த்ததாக அதே ஆளின் கையெழுத்து. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, ஆக இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று சொல்லுங்கள் என்றார். பேட்ச் ரெக்கார்டு பொய்யென்றால் அந்த பேட்சே சந்தேகத்துக்கு வந்துவிடும் என்பதால் வயிற்றைக் கலக்கியது.

உண்மையில் யாரும் ஏமாற்றவில்லை. ஷிஃப்ட் மாற்ற வேண்டியவர் தாமதமாக வந்ததால் இவர் மெஷினை ஒப்படைத்துவிட்டு 2.40க்குத்தான் வகுப்புக்குள் வந்திருக்கிறார். கடைசியில் தாளைச் சுற்றுக்கு விட்டபோது கையெழுத்துப் போட்டிருக்கிறார். விசாரணையில் அவர் சொன்னது: "சார், எல்லாரும் போடுங்கன்னு நீங்கதானே தாளைக் கொடுத்தீங்க. லேட்டா வந்தேன்னு எழுத அதுல எடமே இல்லையே." இடம் இல்லைதான். நடைமுறை தவறியதைப் பதிகிற டீவியேஷன் அறிக்கை எழுதி, ஆறு மாதத்துத் தாள்களைப் பின்னோக்கி எடுத்து பேட்ச் ரெக்கார்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆனது.

முதலில் நாங்கள் தாவியது க்யூஆர் ஃபார்முக்கு, நேரம் தானாகவே பதிவாகிவிடுமே என்று. நான்கு மாதம் ஓடியது. உற்பத்திப் பகுதியில் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் இருக்கும். ஆகவே ஒரே ஃபோனில் ஆறு பேர் பெயரை ஒருவரே அடித்துவிடுவார். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே வருகை போடலாம், போட்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பெயரை டைப் செய்வது கையெழுத்து ஆகாது. அமெரிக்காவுக்கு மருந்து அனுப்புகிறவர்களுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின், மின் பதிவுகளுக்கான 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 என்ற விதி பொருந்தும். விரல்ரேகை போன்றவை இல்லாத மின் கையெழுத்துக்குக் குறைந்தது இரண்டு அடையாளக் கூறு வேண்டும் என்கிறது அது, யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போல. கூடவே பெயர், தேதி, நேரம், எதற்காகக் கையெழுத்து என்ற பொருள் எல்லாம் பதிவில் தெரிய வேண்டும். சாதாரண ஃபார்மில் இதெல்லாம் கிடையாது, பதில்கள் சேரும் ஷீட்டை எடிட் அனுமதி உள்ளவர் யாரும் மாற்றிவிடலாம். ஹெச்ஆர் நடத்தும் பொதுவான வகுப்புகளுக்கு இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விரல்ரேகை மெஷின் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லும் என்று நினைத்தோம். அதன் கடிகாரம் உற்பத்திப் பகுதிக் கடிகாரத்தைவிட ஏழு நிமிடம் முந்தி ஓடியது, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம். வாஷிங் ஏரியாவில் வேலை செய்கிறவர்களுக்கு விரல் தேய்ந்து ரேகை விழாது, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. அப்புறம் அந்த ரிப்போர்ட்டில் என்ன எஸ்ஓபி, எத்தனையாவது திருத்தம் என்று எதுவும் இருக்காது. எப்படியும் கூடவே ஒரு தாளை இணைத்தாக வேண்டும்.

சரி, இப்போது ஓடுகிற தாள். பெயர்களை முன்கூட்டி அச்சடிப்பதை நிறுத்திவிட்டோம். வரவேண்டியவர் பட்டியல் தனியாக இருக்கும். வருகைத் தாள் காலியாக, கதவருகே மேஜையில் இருக்கும், சுற்றுக்குப் போகாது. வருகிறவர் வந்த வரிசையிலேயே பெயர், எம்ப்ளாயி நம்பர், உள்ளே வந்த நேரம், கையெழுத்து நான்கையும் தன் கையால் எழுத வேண்டும். நேரம் பார்க்க மேஜைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம், உற்பத்திப் பகுதிக் கடிகாரத்தோடு வாரம் ஒருமுறை சரிபார்ப்போம். வகுப்பு ஆரம்பித்ததும் பயிற்சியாளர் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து நேரமும் இனிஷியலும் போடுவார். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் லேட். பார்த்தவுடன் தெரியும்.

தொண்ணூறு நிமிட வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் வரை லேட்டானால் உட்காரலாம். வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் அவருக்கு விட்டுப்போன பகுதியை விளக்கி, குறிப்புக் கட்டத்தில் எந்தப் பத்திகள், எத்தனை மணிக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். அதற்கு மேல் போனால் ஆப்சென்ட், அடுத்த வகுப்பு. அதுவரை அந்த எஸ்ஓபி வேலையை அவர் தொடக்கூடாது என்று சூப்பர்வைசருக்கு அன்றே தகவல் போகும். பதினைந்து நிமிடம் என்பது நாங்களே வைத்த எல்லை. எண் எதுவானாலும் எஸ்ஓபியில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் தெரிந்தவருக்கு ஒரு நியாயம், தெரியாதவருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். மீதி வரிகளைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்து, கையெழுத்தும் தேதியும் இட்டுவிட வேண்டும். பிழையானால் ஒரே கோட்டில் அடித்து இனிஷியல், தேதி. வைட்னர் அறைக்குள்ளேயே வரக்கூடாது.

பார்ட் 11க்கு ஏற்றாற்போல் வேலிடேட் செய்த பயிற்சி மென்பொருள் வேறொரு கம்பெனியில் மூன்று மாதம் பார்த்திருக்கிறேன், அதுவும் பயிற்சி பெறுகிறவனாக. பல யூனிட் இருக்கிற பெரிய கம்பெனிக்கு அதுவே சரியாக இருக்கலாம். நடத்திப் பார்க்காததால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

காகிதத்தின் பலவீனம் தேடுவதில் இருக்கிறது. ஃபைல் வகுப்பு வாரியாக இருக்கும், ஆடிட்டர் ஆள் வாரியாகக் கேட்பார். லைனில் நிற்கிற ஒருவரைக் காட்டி இவர் பயிற்சியைக் கொண்டுவாருங்கள் என்பார். அதற்கு ஒரு எக்செல் வைத்திருக்கிறோம்: ஒரு ஆள், ஒரு வகுப்பு, ஒரு வரி. எம்ப்ளாயி நம்பரில் ஃபில்டர் போட்டால் வகுப்பு எண்கள் வரும், ஐந்து நிமிடத்தில் தாள்கள் மேஜையில். அந்த எக்செல் தேடுவதற்கான பட்டியல் மட்டும்தான், ஆதாரம் தாள்தான் என்று ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஸ்கேன் அன்றைக்கே எடுத்து, திருத்த முடியாத ஃபோல்டரில் போகும். ஒரிஜினல் இரும்பு அலமாரியில் இருக்கும், வெளியே எடுத்தால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

எத்தனை வருடம் வைப்பது என்பதை அவர் செய்த பேட்சை வைத்துக் கணக்குப் போடுகிறோம். 2021இல் பயிற்சி பெற்றவர் அதை வைத்து 2024இல் ஒரு பேட்ச் செய்கிறார், அது 2027இல் காலாவதி ஆகிறது. காலாவதிக்குப் பிறகு ஒரு வருடமாவது பேட்ச் ரெக்கார்டு இருக்க வேண்டும் என்பது எஃப்டிஏ விதி, ஆகவே அந்தப் பயிற்சித் தாளும் 2028 வரை அலமாரியில் இருக்கும். அவ்வளவு காலம் எழுத்து நிற்க வேண்டுமே என்று கதவருகே மேஜையில் நீல பால்பாயின்ட் பேனா ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியபோது ஜெல் பேனாவில் போட்ட கையெழுத்துகள் கரைந்து, மேல்தட்டுத் தாள்கள் எல்லாம் நீலக் கறையாகிவிட்டன.