சீருடைப் படம் எடுக்கக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பள்ளிச் சீருடையும் குழந்தைகள் துணியும் ஆன்லைனில் விற்கிறேன். போன சீசனில் கேட்டலாக் படங்களுக்காக ஒரு ஸ்டுடியோவிடம் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்து நன்றாக ஏமாந்தேன். பெயர் சொல்லிச் சண்டை போடும் தெம்பு இல்லை, என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் காட்டிய பழைய ஆல்பம் அருமையாக இருந்தது. குழந்தைகள் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், யாரும் விறைப்பாக நிற்கவில்லை. எங்கள் படங்களும் பார்க்க அப்படித்தான் வந்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு பந்தைப் போட்டுவிட்டு விளையாட விட்டார்கள், பிள்ளைகளும் கேமராவை மறந்துவிட்டார்கள். நானும் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன். அதுதான் தப்பு.

படங்களைப் போட்ட மறு வாரமே பாட்டில் கிரீன் ஸ்கர்ட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. படத்தில் சாம்பல் கலந்த பச்சை, கையில் வந்தது கரும்பச்சை. வேறு உடுப்பு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போட்டுக்கொள்வார்கள். சீருடையில் அது நடக்காது, பள்ளியில் சொன்ன நிறம்தானா என்று படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இதில் கொடுமை, துணி சரியான நிறம்தான், படம்தான் தப்பு.

ஒரு படத்தை எடிட்டரில் திறந்து வெள்ளைச் சட்டையின் மேல் நிறம் காட்டும் கருவியை வைத்துப் பார்த்தேன். வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தோள்பட்டையில் 238, 226, 237, அதாவது ரோஸ் அடிக்கிறது. அதே சட்டையின் கீழ் ஓரத்தில் மூன்றும் கிட்டத்தட்ட சமம். ஒரே சட்டை, இரண்டு வெள்ளை! அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. புல்தரையில், மர நிழலில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். புல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சையாகத்தான் வரும், அது சட்டையின் கீழ்ப்பகுதியிலும் தாடைக்கு அடியிலும் ஏறியிருக்கிறது, தோளுக்கு வானத்து வெளிச்சம் கிடைத்ததால் அது தப்பித்தது. எடிட் செய்தவர் அந்தப் பச்சையை எடுக்க மொத்தப் படத்தையும் பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா பக்கம் இழுத்துவிட்டார். சட்டையின் கீழ் ஓரம் சரியானது, தோள் ரோஸ் ஆனது, ஸ்கர்ட்டில் இருந்த நிஜப் பச்சையும் சேர்ந்தே போய்விட்டது.

கேட்டதற்கு, "உங்க மானிட்டர்ல அப்படித் தெரியும் மேடம்" என்றார்கள். மானிட்டர் மாறினால் நிறம் மாறித் தெரியும், சரி, ஆனால் அந்த எண்கள் ஃபைலுக்குள்ளேயே இருப்பவை, மானிட்டருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கேமராவில் பதிவானபடியே இருக்கும், எடிட் செய்யாத ரா ஃபைலாவது கொடுங்கள், நானே வேறு ஆளிடம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டெலிவரி முடிந்ததும் அழித்துவிடுவார்களாம். திரும்ப எடுக்கத் தனியாகப் பணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்றபடி எடுத்த படங்களில் பேன்ட் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஓடும் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடுப்புக்குப் பின்னால் பேன்ட்டை இறுக்கிப் பிடிக்கப் போட்ட துணி க்ளிப் தொங்குகிறது. அளவு சரியில்லை என்று வந்த புகார்கள் ஏன் என்று அப்போது புரிந்தது. உண்மையான பள்ளி பேட்ஜோடு குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிகிற படங்களும் இருந்தன, முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தக் குழந்தை எங்கே படிக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுப்பது போல. அவற்றை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது படப்பிடிப்புக்குப் பேட்ஜ் இல்லாத சட்டைதான் அனுப்புகிறேன்.

இந்த முறை வேறு ஒருவரிடம் கொடுத்தபோது நான் எழுதி வாங்கியது இவ்வளவுதான். புல்லும் வண்ணச் சுவரும் வேண்டாம், சிமெண்ட் தரையோ வெளிர் சாம்பல் சுவரோ உள்ள திறந்த நிழல் போதும். இடம் மாறும்போதெல்லாம் முதல் படத்தில் நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் அட்டையான கிரே கார்டைக் குழந்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்க வேண்டும், வெளிச்சம் மாறினால் மறுபடியும். நான் சரி என்று சொல்லும்வரை ரா ஃபைலை அழிக்கக் கூடாது, பாதிப் பணம் அதற்கப்புறம்தான். படம் வந்ததும் ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

அப்படியும் வாங்குபவரின் போனில் ‘கண்ணுக்கு இதமான’ மஞ்சள் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நிறம் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு விரல் நீளத் துண்டுத் துணி ஒன்றைக் கவரில் போட்டு அனுப்பிவிடுகிறேன். பழைய படங்களில் பாதியைத்தான் மாற்றியிருக்கிறேன், மீதி அந்த ரோஸ் தோளோடுதான் இன்னும் கிடக்கின்றன.