மூன்று காசு, ஒரு கையெழுத்து

ஓடர் இல்லையென்று ஹட்டன் பக்கத்துக் கார்மன்ட் ஒன்றில் ஆள் குறைத்தார்கள். எங்கள் லயத்துத் தங்கச்சி ஒரு கடிதத்தோடு வந்தாள். "சேர்விஸ் காசோட மூணு மாசச் சம்பளமும் கூடத் தர்றாங்களாம்க்கா. கையெழுத்துப் போட்டுறவா?" எட்டு வருடம் முடித்தவள், கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய்.

சேர்விஸ் காசு என்று நாம் சொல்வது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அவளுக்கு நான்கு மாதம், அதாவது 160,000 ரூபாய். ஓவர்டைம் கணக்கில் வராது. தானாக விலகினாலும் இது கிடைக்கும், 30 நாளுக்குள் கொடுக்கவும் வேண்டும். அப்படியென்றால் இதைச் சலுகைபோலக் காட்டுவது வெறும் பூச்சு.

நோட்டீஸ் சம்பளம் சின்ன விஷயம். நியமனக் கடிதத்தில் உள்ள முன்னறிவித்தல் காலத்துக்கு வேலை தராமல் அனுப்பினால் அதற்கு ஈடான சம்பளம், அவ்வளவுதான். அவளுடைய கடிதத்தில் ஒரு மாதம் என்றிருந்தது. எட்டு வருடம் உழைத்தாலும் அது அதிகமாகாது.

கனமான காசு ஆட்குறைப்பு நட்டஈடுதான். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இங்கே வருகிறது. இதற்கும் 15 பேர் கணக்குத்தான். ஆனால் ஐந்து வருடம் தேவையில்லை, கடைசி 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி வழியில் போனால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினான்காவது வரை இரண்டு மாதம், அதன்பின் படிப்படியாகக் குறையும். மொத்தத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

அவளுக்குப் பன்னிரண்டரையும் ஆறும் சேர்ந்து பதினெட்டரை மாதம், 740,000 ரூபாய். பணிக்கொடையோடு 900,000. கம்பனி தருவதாகச் சொன்னது மொத்தமாக 280,000.

அந்த வித்தியாசம் எங்கே போனது? கடிதத்தை விரித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே பந்தி. இரண்டாவதில், "என் சொந்த விருப்பத்தின்பேரில் விலகுகிறேன், வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. இதில் கையெழுத்து விழுந்தால் கம்பனிக்கு ஆணையாளரின் அனுமதியே தேவைப்படாது, சூத்திரமும் வராது. பேசி ஒத்துக்கொண்ட தொகைதான். ஏமாற்றி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்கப் பார்க்கலாம், ஆனால் கஷ்டம்.

பேரம் பேசவே கூடாது என்பதில்லை. அனுமதி விசாரணை இழுபடும், கைக்காசு உடனே வரும். பத்துப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வைத்தால் நானே யோசிக்கச் சொல்லியிருப்பேன். மூன்று மாதம் அந்த ரகமில்லை.

ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் இரண்டும் ஏற்கெனவே அவளுடைய பேரில் சேர்ந்திருக்கும் காசு, இந்தக் கணக்கோடு சேராது. அவற்றையும் கூட்டித்தான் எச்.ஆர். ஆள் "பெரிய தொகை" என்றானாம்.

கையெழுத்துப் போடாமல் கடிதத்தின் கொப்பியோடும் சம்பளச் சீட்டுகளோடும் தொழில் அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். வேலையை நிறுத்தினால் முறைப்பாடு செய்ய ஆறு மாதம்தான் இருக்கிறது என்பதால், அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.